அரைநாள் மண்டபத்தில் காதணி விழா: காலை ஆறு மணிக்குக் கட்டி, பகல் மூன்று மணிக்குள் பிரிப்பது எப்படி

மண்டபத்தை அரைநாளுக்கு எடுக்கும் வீட்டுக்காரர் முதலில் போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி ஸ்டேஜ் வேணும்" என்பார். அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் முந்தின நாள் மதியமே உள்ளே போய், ராத்திரி முழுக்க எட்டுப் பேர் உட்கார்ந்து கட்டிய அலங்காரமாக இருக்கும். காலை ஆறு மணிக்குச் சாவி வாங்கி ஒன்பதுக்குள் விருந்தாளியை வரவேற்க வேண்டியவர் அதைத் தொடவே கூடாது. எந்தப் படம் பிடிக்கிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். எத்தனை மணி நேரம் இருக்கிறது, எத்தனை கை இருக்கிறது, எத்தனை மணிக்குச் சாவி திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் எழுதிவிட்டால், எந்த அலங்காரம் முடியும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கணக்கு. தர்மபுரி டவுனில் ஒரு நடுத்தர மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, காதணி விழா, முந்நூறு பேர். மண்டபம் காலை 6 முதல் பகல் 3 வரை நமக்கு. சாயங்காலம் வேறு ஒரு வீட்டு ரிசப்ஷன். காது குத்தும் நேரம் 10.30. அலங்கார வேலைக்கு வீட்டு ஆட்கள் நாலு பேர். டெக்கரேஷன்காரரிடம் விட்டாலும் இதே நேரக் கணக்குத்தான், கேட்க வேண்டிய கேள்விகளும் இவையேதான்.

ரசீதில் எழுதி வாங்க வேண்டியவை

மேனேஜர் "காலையில ஆறு மணி" என்று சொன்னால், அது கேட் திறக்கும் நேரமா, ஹாலை நம்மிடம் ஒப்படைக்கும் நேரமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் கூட்டிப் பெருக்க முக்கால் மணி நேரம் போய்விடும். முந்தின ராத்திரி ரிசப்ஷன் நடந்த மண்டபம் என்றால், ஆறு மணிக்கு நீங்கள் உள்ளே போகும்போது அவர்களுடைய பேக்டிராப் மேடையிலேயே நின்றுகொண்டிருக்கும். அதைப் பிரிக்க வேண்டியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே "காலி மேடையாக, பெருக்கிய ஹாலாக, காலை 6 மணிக்கு" என்று அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். "பகல் 3" என்பதையும் இதேபோல் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடைசி விருந்தாளி கிளம்பும் நேரமா, பொருளெல்லாம் வண்டியேறி சாவி மேனேஜர் கைக்குப் போகும் நேரமா? கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இரண்டாவதுதான். தாண்டினால் மணிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சமையலுக்குத் தனிக் கணக்கு உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். முந்நூறு பேருக்குக் காலை டிபனும் மதியச் சாப்பாடும் என்றால் சமையல்காரர் ஆறு மணிக்கு வந்து அடுப்பு மூட்டினால் ஆகாது. சமையல் கட்டை மட்டும் முந்தின ராத்திரியே திறந்துவிடச் சம்மதம் வாங்க வேண்டும். அதைக் கேட்கும்போதே இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: பைப், துணி மூட்டை, மணல் பை இவற்றை ராத்திரியே ஸ்டோர் ரூமில் ஓரமாக வைத்துக்கொள்ளலாமா? இது கிடைத்தால் காலையில் இருபது நிமிடம் மிச்சம்.

முந்தின ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஒருவர் மண்டபத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும். அங்கே நிற்கும் பேக்டிராப் நன்றாக இருந்தால், அந்த டெக்கரேஷன்காரரிடமே பேசி, பெயர்ப் பலகையை மட்டும் எடுத்துவிட்டு மீதியை மறுநாள் மதியம்வரை விட்டுவைக்கச் சொல்லலாம். அவருக்கு ராத்திரி வேலை மிச்சம், கொஞ்சம் பணமும் வரும். உங்களுக்குக் கட்டும் வேலையே இல்லை, பிரிப்பதும் அவர் பொறுப்பு. எத்தனை மணிக்குப் பிரிக்க வருவார் என்பதை மட்டும் மேனேஜர் முன்னால் பேசிக்கொள்ளுங்கள். கெளரவக் குறைச்சல் என்று சிலர் இதற்கு ஒப்புவதில்லை. அரைநாள் வாடகைக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

மண்டபத்தில் செய்யக்கூடாத வேலைகள்

கோப்பது, தைப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் வீட்டில் முடிய வேண்டும். மண்டபத்தில் நிறுத்துவது, கட்டுவது, தொங்கவிடுவது மட்டும்தான். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பூக் கோக்க ஆரம்பித்தால் நேரம் எங்கே போனது என்றே தெரியாது.

இந்தக் கணக்குக்கு ஏற்ற மேடை 12 அடி அகலம், 8 அடி உயரத்தில் தனியாக நிற்கும் ஒரு பைப் சட்டம். சுவரில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை, ஆணியும் அடிக்க வேண்டியதில்லை. ஆணி அடிக்கக் கூடாது என்று எல்லா மண்டபத்திலும் சொல்வார்கள். டேப்பைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை டிஸ்டம்பர் சுவரில் ஒட்டிவிட்டுப் பிய்த்தால், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கூடவே உரிந்து வரும். அட்வான்ஸில் பிடித்தம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சட்டத்துக்கு ஒரு அங்குல ஜிஐ பைப் எடுங்கள். முக்கால் அங்குலம் 12 அடிக்கு வளைந்துவிடும். ஒரு அங்குலமே ஆனாலும் நடுவில் மூன்றாவது கால் வேண்டும். காலையில் பூச்சரம் ஈரமாக இருக்கும்போது கனமும் அதிகம். நடுக்கால் இல்லாவிட்டால் பத்து மணிக்குள் மேல் பைப் நடுவில் தொங்கி, துணியின் அடிப்பகுதி தரையில் மடிந்து கிடக்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் தட்டு, தட்டின்மேல் பத்துப் பதினைந்து கிலோ மணல் பை. மேடையில் பெடஸ்டல் ஃபேனைப் போட்டதும் துணி காற்றுக்குப் பாய்மரம் போல உப்பும். மணல் பை இல்லாத சட்டம் அப்போதுதான் முன்னால் சாயும், அதுவும் மடியில் குழந்தையோடு தாய்மாமன் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து.

துணி சுருக்கம் விழுந்து நிற்க வேண்டுமானால் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். 12 அடிக்கு 24 அடி. கடையில் கிடைக்கும் 44 அங்குலத் துணியை நீளவாக்கில் தொங்கவிட்டால் ஏழு துண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 9 அடி, அதில் எட்டடி தொங்குவதற்கு, மீதி மேலே பைப் நுழையும் உறைக்கும் கீழே மடிப்புக்கும். மொத்தம் 63 அடி, அதாவது கிட்டத்தட்ட இருபது மீட்டர். மேல் ஓரத்தைப் பைப் நுழையும்படி வீட்டிலேயே தைத்துவிட்டால் காலையில் பைப்பைச் செருகித் தூக்குவதோடு வேலை முடியும். சாட்டின் வேண்டாம். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் போட்டோகிராபர் ஃபிளாஷ் அடித்ததும் படத்தில் வெள்ளைத் திட்டாக நிற்கும். மினுமினுப்பு இல்லாத பாப்ளினோ காட்டனோ போதும், அயர்ன் மட்டும் பண்ணிச் சுருட்டி எடுத்துப் போங்கள். மடித்து எடுத்துப் போனால் மடிப்புக்கோடு எல்லாப் படத்திலும் தெரியும்.

பூ எவ்வளவு, எப்போது

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கமெல்லாம் பூ விளையும் ஊர் என்பதால் நமக்குப் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முகூர்த்த நாளில் விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. செண்டுமல்லியை உதிரியாக வாங்கி நெருக்கமாகக் கோத்தால் ஒரு கிலோவில் 12 முதல் 15 அடி வரை வரும். மேடைக்கு 5 அடியில் பத்துச் சரம், ஆக 50 அடி. வாசலுக்குக் குறுக்கே 10 அடியும் இரண்டு பக்கமும் 7 அடியுமாக 24 அடி. குறைந்த கணக்கில் 12 அடி என்று வைத்தாலும் ஆறரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஏழரைக் கிலோ வாங்கினால் தட்டில் தூவவும் உதிரி மிஞ்சும்.

சனிக்கிழமை மதியமே தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பூ மார்க்கெட்டில் வாங்கி, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கோத்துவிடுங்கள். சரத்தை வட்டமாகச் சுருட்டி, நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்குக்குள் வைத்தால் காலைவரை வாடாது. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் உள்ளே புழுங்கி, காலையில் அடிப்பூவெல்லாம் பழுப்பாகிக் காம்பு விட்டுவிடும். நைலான் நூலில் கோக்காதீர்கள், பருத்தி நூல்தான் வேண்டும். ஏன் என்பது பிரிக்கும்போது தெரியும்.

மாவிலைத் தோரணத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை, மாமரம் இல்லாத தெரு நம் பக்கம் குறைவு. இரண்டு அங்குலத்துக்கு ஒரு இலை என்றால் 12 அடிக்கு 72 இலை.

பலூனைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை விழா என்றதும் எல்லாரும் பலூன் வளைவு கேட்கிறார்கள். முழுநாள் மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அரைநாளில் வேண்டாம். ஷீட் போட்ட மண்டபத்தில் பதினொரு மணி வெயிலுக்கு ஒவ்வொன்றாக வெடிக்கும், கைக்குழந்தைகள் அலறும். பிரிக்கும்போது வெடித்த ரப்பர்த் துண்டைத் தரையிலிருந்து பொறுக்குவதே தனி வேலை.

காலை 6 முதல் 9 வரை

வண்டியில் ஏற்றும்போதே கடைசியில் வேண்டியதை முதலில் ஏற்றுங்கள். விளக்கும் பூவும் உள்ளே, பைப்பும் மணல் பையும் கதவோரம். ஆறு மணிக்கு உள்ளே போனதும் கட்டும் வேலைக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒருவர் போனில் மேடைச் சுவர், தூண், தரை, உடைந்த சுவிட்ச், கறை எல்லாவற்றையும் படம் எடுத்துவிட வேண்டும். மூன்று மணிக்கு "இது நீங்க பண்ணினதுதான்" என்ற பேச்சு வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.

6.15க்கு நாலு பேரும் இரண்டு ஜோடியாகப் பிரியுங்கள். ஒரு ஜோடி மேடையில் சட்டத்தை நிறுத்தும். தரையில் படுக்கவைத்தே துணியைச் செருகி, காலைப் பொருத்தி, பிறகு தூக்கி நிமிர்த்துவது சுலபம். ஸ்டூல்மேல் நின்று துணியைக் கட்டுவது இரண்டு மடங்கு நேரம். நிமிர்த்தும் ஒரு நிமிடத்துக்கு மட்டும் நாலு பேரும் வேண்டும். ஏழு மணிக்குத் துணியோடு சட்டம் நின்றிருக்க வேண்டும்.

மற்ற ஜோடி வாசலில் வாழை மரத்தைக் கட்டும். தாரோடு உள்ள மரத்தை அடியில், நடுவில், தாருக்கு மேலே என்று மூன்று இடத்தில் தேங்காய் நார்க் கயிற்றால் கேட் தூணோடு கட்டி, தார்க்காம்பைத் தனியாக ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள். தாரின் கனம் முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும், நடுக்கட்டு தளர்ந்தால் மரம் திரும்பி வழியை மறிக்கும். வெட்டிய அடியிலிருந்து கறை வடியும். டைல்ஸ் இடுக்கிலோ பட்டுப் புடவையிலோ பட்டால் போகாது. அடியில் மடித்த சாக்கைப் போட்டுவிடுங்கள்.

ஏழிலிருந்து ஏழே முக்கால்வரை பூச்சரம். பத்துச் சரத்தையும் ஒரே நீளத்தில் சமமாகத் தொங்கவிட்டால் கதவுத் திரை மாதிரி இருக்கும். நாற்காலிக்கு நேர் பின்னால் நாலடி அகலத்தைக் காலியாக விட்டு, இரண்டு பக்கமும் ஐந்தைந்தாகப் போடுங்கள். மடியில் இருக்கும் குழந்தை கைக்கு எட்டுவதைப் பிடித்து இழுக்கும், ஒரு சரம் அறுந்தால் பூ முழுக்கத் தரையில் உருளும்.

அடுத்தது காது குத்தும் இடம். அலங்காரம் செய்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஆசாரி இரண்டு காதும் குத்த வேண்டும், ஆகவே நாற்காலியின் இரண்டு பக்கமும் மூன்றடி இடம் காலியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குத்துவிளக்கும் மறு பக்கம் பூந்தொட்டியும் வைத்து அடைத்துவிட்டால், கையில் ஊசியோடு அவர் மேடையைச் சுற்றிக்கொண்டு வருவார், அதற்குள் குழந்தை கத்தித் திமிறும். அதேபோல் விளக்கு முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் விழ வேண்டும். பின்னால் மட்டும் கலர் ஃபோகஸ் வைத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆசாரிக்கு அவர் நிழலே காதுமடலில் விழும். காது குத்தும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கலர் விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கு மட்டும் எரியட்டும்.

தாய்மாமன் சீருக்கும் இடம் விட்டாக வேண்டும். பம்பை மேளத்தோடு 51 தட்டு வந்து இறங்கினால் எங்கே வைப்பது? தட்டுக்கு ஒரு அடி என்றால் ஒரே வரிசையில் 51 அடி, எந்த மேடையிலும் அடங்காது. மேடைக்குக் கீழே, பார்வையாளர் பக்கமாக ஆறடி மேசை மூன்றை ஒட்டிப் போட்டால் ஒரு வரிசைக்கு 18 தட்டு. மேசைமேல் பெஞ்சு ஒன்றும் மேசைக்கு முன்னால் பெஞ்சு ஒன்றும் போட்டு வெள்ளைத் துணி விரித்தால் மூன்று படி, 54 தட்டு. மாமன் வீட்டுக்காரர்கள் எதைப் பொறுத்துக்கொண்டாலும் தட்டைத் தரையில் வைத்ததை மட்டும் பொறுக்கமாட்டார்கள்.

8 மணிக்கு மின்சாரம். மேடை விளக்குகளை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அடுக்காதீர்கள். 6 ஆம்பியர் பாயின்டில் 1300 வாட்டுக்குமேல் ஏற்றினால் பிளக் சூடாகும். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும், வெதுவெதுப்பைத் தாண்டினால் பாதியை வேறு பாயின்டுக்கு மாற்றுங்கள். எல்லாம் எரியும்போது மெயினை ஒரு முறை அணைத்து ஜெனரேட்டர் எடுக்கிறதா என்றும் பாருங்கள். சில மண்டபங்களில் மேடை பிளக்குகளுக்கு ஜெனரேட்டர் லைனே இருக்காது, கரண்ட் போன பிறகு அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. வெளிவாசலில் ரேடியோ செட் ஹாரன் கட்டுபவரிடம் ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது.

8.20க்குப் பெருக்கித் துடைத்து, அது காய்ந்த பிறகு கோலம். துடைக்கும் முன் போட்ட கோலம் வீண். பந்தி மேசைக்குக் காகித ரோல் வாங்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சோதனைக்கு வந்தால் மண்டபத்துக்காரர் நம்மைத்தான் காட்டுவார்.

8.45க்கு முடித்துவிட்டால் கால் மணி நேரம் கையிருப்பு. அதைத் திட்டத்தில் செலவழிக்காதீர்கள், எங்காவது போயே தீரும்.

மூன்று மணியிலிருந்து பின்னோக்கி

பிரிக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பின்னாலிருந்து எண்ணுங்கள். 3.00க்குச் சாவி. 2.45க்கு மேனேஜரோடு ஹாலைச் சுற்றிப் பார்ப்பது. 2.15லிருந்து அரை மணி நேரம் வாசலைப் பிரித்து வண்டியேற்றுவது. அதற்கு முன் முக்கால் மணி நேரம் மேடை. அப்படியானால் மேடையில் கடைசிப் போட்டோ 1.30.

எல்லாம் குலைவது அந்த 1.30ல்தான். பிந்தி வந்த உறவுக்காரர் சாப்பிட்டுவிட்டு ஏறி "ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்பார். முகத்தில் அடித்தாற்போல் மறுக்க முடியாது. 12.45க்கே மைக்கில் "மேடையில போட்டோ எடுக்கிறவங்க ஒன்றரைக்குள்ள வந்துடுங்க" என்று சொல்லச் சொல்லுங்கள், 1.15க்கு இன்னொரு முறை. அதற்குப் பிறகும் வருபவர்களுக்கு வாசலில் வாழை மரமும் தோரணமும் இருக்கிறது. வாசலைக் கடைசியில் பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். போட்டோகிராபரிடம் காலையிலேயே இதைப் பேசிவைத்தால் அவரே ஆட்களை வாசலுக்கு நகர்த்துவார்.

இன்னொரு தடை சாப்பாடு. கட்டிய நாலு பேரும் வீட்டு ஆட்கள், பந்தி பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் உட்காருவார்கள். 1.30க்கு அவர்கள் இலையின் முன்னால் இருந்தால் மேடை 2.15க்குத்தான் தொடங்கும். பிரிக்கும் ஆட்கள் முதல் பந்தியில் சாப்பிட வேண்டும், அதை வீட்டுப் பெரியவர் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள். வண்டியும் அப்படியே. காலையில் இறக்கிவிட்டுப் போன டாட்டா ஏஸ்காரர் முகூர்த்த நாளில் வேறு சவாரி பிடித்திருப்பார். இரண்டு நடைக்கும் சேர்த்துப் பேசி, 2 மணிக்கு வண்டி கேட்டில் நிற்க வேண்டும் என்று முன்பணத்தோடு சொல்லுங்கள்.

மேடையில் முதலில் விளக்கை அணையுங்கள், சூடு ஆறட்டும். சீர்த் தட்டும் மொய்ப் பையும் பெண்கள் பொறுப்பில் உள்ளே போன பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். பூச்சரத்தை அறுத்து இழுக்காமல் மேல் முடிச்சை அவிழ்த்துச் சாக்கில் இறக்குங்கள். பருத்தி நூலில் கோத்த பூவையும் மாவிலையையும் வாழை மரத்தையும் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் வாங்கிக்கொள்வார், குப்பைக்கு அலைய வேண்டாம். நைலான் நூல் என்றால் மாட்டு வயிற்றுக்குள் போய்ச் சிக்கும், அவர் தொடமாட்டார், நீங்களும் கொடுக்கக் கூடாது. பிறகு சட்டத்தைப் படுக்கவைத்துத் துணியை உருவுங்கள், மணல் பையை எடுப்பது கடைசியில். பையை முதலில் எடுத்துவிட்டுச் சட்டத்தை நிமிர்ந்த நிலையில் விட்டுப் போனால், ஓடி விளையாடும் பிள்ளைகள் மேல்தான் விழும்.

இரண்டு மணிக்கே சாயங்கால வீட்டு டெக்கரேஷன்காரர்கள் பொருளோடு கேட்டில் வந்து நிற்பார்கள். சண்டை பிடிக்க வேண்டாம். "ரெண்டேகாலுக்கு மேடை உங்களுக்கு, அதுவரைக்கும் ஹாலுக்குள்ள எதையும் இறக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வீட்டுப் பொருளும் கலந்துவிட்டால் குத்துவிளக்கும் ஜமுக்காளமும் யாருடையது என்று பிரிப்பதற்குள் மூன்று மணி அடித்துவிடும். உங்கள் பொருளில் எல்லாம் ஒரே கலர் ரிப்பன் ஒரு துண்டு கட்டியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2.45க்கு மேனேஜரோடு சுற்றும்போது காலையில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் மீட்டர் எண்ணை இருவரும் சேர்ந்து பார்த்து ரசீதில் குறித்து, அட்வான்ஸ் பாக்கியை அங்கேயே வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.